குழு மருத்துவக் காப்பீடு: பதிவு செய்வதற்கு முன் நீங்கள் கேட்கும் கேள்விகள்

புதிய பாலிசி ஆண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்குகிறது. குடும்பத்தாரின் பெயர்களைச் சேர்க்க, நீக்க, திருத்த ஹெச்.ஆர். போர்ட்டல் மார்ச் 5 முதல் 20 வரை திறந்திருக்கும். போன வருடம் இதே மின்னஞ்சலோடு 38 பக்கப் பாலிசியை அப்படியே இணைத்து அனுப்பினேன். யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது மே மாதத்திலிருந்து வந்த போன்களில் தெரிந்தது. அதனால் இந்த முறை அந்தப் போன்களில் நீங்கள் கேட்டவற்றையே எடுத்து, உங்கள் வார்த்தையிலேயே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் ரூம் வாடகை பற்றிய பதில்களை மட்டுமாவது படித்துவிடுங்கள். உங்கள் பணம் அதிகம் போவது அங்கேதான்.

4 லட்சம்னு போட்டிருக்கே, அது ஆளுக்கு ஆளா, மொத்தக் குடும்பத்துக்குமா?

மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். நீங்கள், மனைவி அல்லது கணவர், இரண்டு குழந்தைகள் ஆகிய நால்வருக்கும் ஓர் ஆண்டுக்குக் காப்பீட்டுத் தொகை 4 லட்சம். ஜூன் மாதம் பையனுக்கு டெங்கு வந்து 60,000 ரூபாய் செலவானால், மீதி 3,40,000 ரூபாயைத்தான் மார்ச் வரை நால்வரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

அப்பா அம்மாவுக்கு இருப்பது தனிப் பாலிசி. அதில் இருவருக்கும் சேர்த்து 3 லட்சம். உங்கள் 4 லட்சத்தில் மீதி இருக்கிறது என்று அப்பாவின் பில்லுக்கு எடுத்துக் கொடுக்க முடியாது. இந்த ஒன்றைச் சொல்லிப் புரியவைக்கத்தான் வருடா வருடம் எனக்கு அதிக நேரம் ஆகிறது.

ரூம் வாடகை 1 சதவீதம்னா என்ன? அதிக வாடகை ரூம் எடுத்தா மிச்சத்தை நான் கட்டிட்டா முடிஞ்சுது இல்லையா?

முடியாது. நல்ல படிப்பு படித்தவர்களும் தவறாகப் புரிந்துகொள்ளும் விதி இது.

முதலில் அளவு. சாதாரண அறைக்கு ஒரு நாள் வாடகை, காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் வரை. ஐசியு என்றால் 2 சதவீதம். ஆக உங்களுக்கும் மனைவி குழந்தைகளுக்கும் ஒரு நாளைக்கு 4,000, ஐசியுவில் 8,000. அப்பா அம்மாவுக்கு 3,000, ஐசியுவில் 6,000. நர்சிங் கட்டணமும் இதற்குள்தான் வரும்.

இந்த அளவைத் தாண்டிய அறையில் சேர்ந்தால், வாடகை வித்தியாசம் மட்டும் உங்கள் தலையில் விழுந்தால் பரவாயில்லை. ஆனால் பெரும்பாலான தனியார் மருத்துவமனைகளில் டாக்டர் பீஸ், அறுவை சிகிச்சைக் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து கொடுப்பவர் பீஸ் எல்லாமே அறையின் வகையைப் பொறுத்து மாறும். அதே டாக்டர், அதே ஆபரேஷன், ஆனால் பொது வார்டுக்கு ஒரு விலை, தனி ஏசி அறைக்கு வேறு விலை. அதனால் காப்பீட்டு நிறுவனம் என்ன சொல்கிறது என்றால், "உங்கள் தகுதி 3,000, நீங்கள் எடுத்தது 5,000. அப்படியானால் அறையோடு சேர்ந்து ஏறும் கட்டணங்களிலும் ஐந்தில் மூன்று பங்குதான் தருவேன்." இதைத்தான் விகிதாசாரக் கழிவு என்கிறார்கள்.

ஒரு ஆறுதல் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-இல் இந்தக் கழிவுக்கு எல்லை போட்டது. மருந்து, ஊசி குழாய் போன்ற நுகர்பொருட்கள், உடலுக்குள் பொருத்தும் கருவிகள், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ஆகியவற்றில் இப்படிக் கழிக்கக் கூடாது. ஐசியு கட்டணத்திலும் கூடாது. எந்த அறையாக இருந்தாலும் ஒரே கட்டணம் வாங்கும் மருத்துவமனை என்றால் கழிக்கவே கூடாது. உங்கள் கிளெய்ம் தீர்வுக் கடிதத்தில் மருந்துக்கும் ஸ்கேனுக்கும் சேர்த்து வெட்டியிருந்தால் சும்மா விடாதீர்கள், எனக்கு அனுப்புங்கள்.

கணக்குப் போட்டுக் காட்டுங்க மேடம், சதவீதத்துல சொன்னா மண்டையில ஏறல.

சரி. 67 வயது அப்பாவுக்குப் பித்தப்பைக் கல். லேப்ராஸ்கோப்பி முறையில் அறுவை சிகிச்சை, நான்கு நாள் மருத்துவமனையில். மகன் பாசத்தில் 5,000 ரூபாய் அறையை எடுத்தார். தகுதி 3,000. பில் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

| விவரம் | பில் (ரூ.) | ஏற்கப்படுவது (ரூ.) |
|---|---|---|
| அறை வாடகை, 4 நாள் | 20,000 | 12,000 |
| டாக்டர், அறுவை சிகிச்சை, தியேட்டர், மயக்க மருந்து பீஸ் | 70,000 | 42,000 |
| மருந்து, நுகர்பொருட்கள் | 22,000 | 22,000 |
| பரிசோதனை, ஸ்கேன் | 12,000 | 12,000 |
| கையுறை, அட்மிஷன் கிட், உடனிருப்பவர் சாப்பாடு முதலியவை | 6,000 | 0 |
| மொத்தம் | 1,30,000 | 88,000 |

இந்த 88,000-இல் பெற்றோர் பாலிசிக்கான கோ-பே, அதாவது நம் பங்காக நாமே கட்ட வேண்டியது, 20 சதவீதம். அதில் 17,600 கழியும். காப்பீட்டு நிறுவனம் தருவது 70,400. மகன் கையிலிருந்து போவது 59,600. அறை வாடகையில் கூடுதலாகக் கொடுத்தது வெறும் 8,000 என்றுதான் அவர் நினைத்திருப்பார். இரண்டாவது வரியைப் பாருங்கள். சத்தமில்லாமல் 28,000 அங்கே போயிருக்கிறது.

இதே அப்பா 3,000 ரூபாய் இரட்டைப் படுக்கை அறையில் இருந்திருந்தால்? வாடகை 12,000. அந்த அறைக்கு டாக்டர், தியேட்டர் கட்டணம் 55,000 என்று கொள்வோம். மருந்து 22,000, பரிசோதனை 12,000, கிட் முதலியவை 6,000. பில் 1,07,000. ஏற்கப்படுவது 1,01,000, கோ-பே 20,200, காப்பீடு தருவது 80,800. கையிலிருந்து போவது 26,200. அதாவது 33,400 ரூபாய் மிச்சம். இதில் இன்னொன்றையும் கவனியுங்கள்: பில் குறைவாக இருக்கும்போதுதான் காப்பீட்டு நிறுவனம் அதிகம் தருகிறது.

3,000 ரூபாய்க்கு ரூமே இல்லைன்னு அட்மிஷன் கவுண்டர்ல சொல்றாங்களே, என்ன பண்றது?

அடிக்கடி நடப்பதுதான். அட்மிஷன் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். தகுதிக்குட்பட்ட அறை எப்போது காலியாகும்? அதுவரை மேல் அறையில் இருந்தாலும் பில்லை எங்கள் தகுதி அறையின் கட்டணப்படியே போடுவீர்களா? போடுவீர்கள் என்றால் அதை எழுத்தில் தருவீர்களா? சில மருத்துவமனைகள் ஒத்துக்கொள்ளும். வாயால் சொன்னதை பில்லிங் பிரிவு ஏற்காது, எழுத்து வேண்டும். காலியானதும் மாறிவிடுங்கள், மாறிய நாளும் நேரமும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

"அறை இல்லாததால்தான் எடுத்தோம்" என்று பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்வதால் பலன் இல்லை. அந்தக் காரணத்துக்குப் பாலிசியில் விலக்கு கிடையாது. இன்னொரு வழி, திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் தேதியை முடிவு செய்வதற்கு முன்பே இரண்டு மருத்துவமனைகளில் அறைக் கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்குவது. டாக்டரைத் தேடும் அளவுக்கு இதைத் தேட யாருக்கும் தோன்றுவதில்லை.

கோ-பே எல்லாருக்கும் உண்டா? 20 சதவீதம் மொத்த பில்லுலயா?

உங்களுக்கும் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் கோ-பே இல்லை. பெற்றோர் பாலிசியில் மட்டும் உண்டு. கணக்கிடுவது மொத்த பில்லில் அல்ல, மேலே காட்டியபடி எல்லாக் கழிவும் போன பிறகு ஏற்கப்படும் தொகையில்.

போன வருடம் 10 சதவீதமாக இருந்தது. புதுப்பிக்கும்போது காப்பீட்டு நிறுவனம் பெற்றோர் பாலிசியின் பிரீமியத்தை ஏற்றச் சொன்னது. வயதானவர்களின் கிளெய்ம், கட்டிய பிரீமியத்தைத் தாண்டிப் போய்விட்டது என்பது அவர்கள் வாதம். பிரீமியத்தை ஏற்றினால் எல்லோரும் கட்ட வேண்டும். கோ-பேயை ஏற்றினால் மருத்துவமனைக்குப் போகிறவர் மட்டும் கட்டுவார். நிர்வாகம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை, கூட்டத்திலும் சொன்னேன். ஆனால் முடிவு இதுதான், ஆகவே அப்பா அம்மாவுக்கு ஒரு தொகையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் என்றாலும் கோ-பே தொகையை டிஸ்சார்ஜ் அன்று நீங்கள் கட்டினால்தான் விடுவார்கள்.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். 48,000 ஆகும்ங்கறாங்க. 3 லட்சத்துக்குள்ளதானே இருக்கு, முழுசா வருமா?

வராது. கண்புரைக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறது, ஒரு கண்ணுக்கு 30,000. அந்த 30,000-இலும் 20 சதவீதக் கோ-பே கழியும். ஆக வருவது 24,000. மீதி 24,000 நீங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். எதை முதலில் கழிப்பது என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். 48,000-இல் முதலில் 20 சதவீதம் கழித்தால் 38,400. பிறகு உச்சவரம்பைப் போட்டால் 30,000 முழுசாக வந்துவிடும். ஆனால் நம் பாலிசியில் உச்சவரம்பு முதலில், கோ-பே அடுத்து என்று எழுதியிருக்கிறது. கணவன் அல்லது மனைவியின் அலுவலகப் பாலிசியையும் நம்முடையதையும் ஒப்பிடுகிறவர்கள் இந்த வரிசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் மல்டிபோக்கல் லென்ஸ் பரிந்துரைத்தாலும் உச்சவரம்பு மாறாது. பிரசவத்துக்கும் இப்படித்தான் வரம்பு உண்டு. சுகப்பிரசவம் என்றால் 50,000, சிசேரியன் என்றால் 60,000, முதல் இரண்டு குழந்தைகளுக்கு.

அப்பாவுக்குப் பத்து வருஷமா சுகர், பிபி. சொன்னா சேர்த்துக்க மாட்டாங்களா?

சேர்த்துக்கொள்வார்கள், முதல் நாளிலிருந்தே கவர் உண்டு. குழுப் பாலிசியின் பெரிய லாபமே இதுதான். தனிநபர் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்கச் சொல்ல ஐஆர்டிஏஐ அனுமதிக்கிறது. நம் பாலிசியில் அந்தக் காத்திருப்பு, முதல் 30 நாள் காத்திருப்பு, பிரசவத்துக்கான காத்திருப்பு எல்லாமே நீக்கப்பட்டிருக்கின்றன.

மருத்துவமனையில் நோய் வரலாறு கேட்டால் மறைக்க வேண்டாம். "சுகர் இல்லை" என்று சொல்லிவிட்டு, ரத்தப் பரிசோதனையில் வேறு மாதிரி வந்தால், ஒன்றுமில்லாத இடத்தில் சந்தேகம் கிளம்பி விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

என்னென்ன கிடைக்காது?

பட்டியல் நீளம். நம் ஆட்களுக்கு உண்மையில் மறுக்கப்பட்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில், பரிசோதனைக்காக மட்டும் சேர்வது. நம்மில் ஒருவர் தொடர்ந்து வயிற்றுவலி என்று இரண்டு நாள் அட்மிட் ஆனார். ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எடுத்தார்கள், பெரிதாக ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். கிளெய்ம் மறுக்கப்பட்டது. கடிதத்தில் `Excl04` என்று இருந்தது. படுக்கையில் சேர்த்து வைத்தியம் பார்க்கத் தேவையில்லாத, வெளிநோயாளியாகவே எடுத்திருக்கக்கூடிய பரிசோதனை என்று அர்த்தம். நரம்பு வழி மருந்து ஏற்றியிருந்தால், தொடர் கண்காணிப்பு தேவைப்பட்டிருந்தால், அது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்க வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். கூடுதலாக எழுதச் சொல்லாதீர்கள். நர்சுகள் எழுதும் சார்ட்டையும் வாங்கிப் பார்க்கிறார்கள்.

அடுத்தது, 24 மணி நேரமாவது அட்மிட் ஆகியிருக்க வேண்டும் என்ற விதி. காய்ச்சலுக்குக் காலையில் சேர்ந்து டிரிப்ஸ் ஏற்றி மாலையில் வீட்டுக்கு வந்தால் வராது. கண்புரை, டயாலிசிஸ், கீமோதெரபி போன்று ஒரு நாளுக்குள் முடிகிற சிகிச்சைகள் தனிப் பட்டியலில் இருக்கின்றன, அவற்றுக்கு இந்த விதி இல்லை.

கண்ணாடியைக் கழற்றும் லேசர் சிகிச்சை பற்றி இளவட்டம் வருடா வருடம் கேட்கிறது. பார்வைக் குறைபாடு 7.5 டயாப்டருக்குக் கீழே இருந்தால் கிடையாது. அந்த அளவு உள்ளவர்கள் நம்மில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். குழந்தைப்பேறின்மை சிகிச்சை, அழகுக்கான அறுவை சிகிச்சை, பல் வைத்தியம், மூக்குக் கண்ணாடி, வெளிநோயாளியாக டாக்டரைப் பார்ப்பது ஆகியவையும் இல்லை. விபத்தில் பல் உடைந்து அட்மிட் ஆனால் மட்டும் பல்லுக்கு உண்டு.

மது. குடியால் வந்த நோய் என்று டாக்டர் எழுதினால் கிளெய்ம் கிடைக்காது. கல்லீரல், கணையப் பிரச்சினை என்று வரும்போது இதைத்தான் முதலில் தேடுவார்கள்.

கடைசியாக, பில்லின் அடியில் வரும் சில்லறை. கையுறை, முகக்கவசம், வெப்பமானி, டயப்பர், பதிவுக் கட்டணம், உடனிருப்பவர் சாப்பாடு. ஒவ்வொன்றும் சின்னது, சேர்ந்தால் மேலே பார்த்த 6,000.

யார் யாரைச் சேர்க்கலாம்? மாமனார் மாமியாரைச் சேர்க்க முடியுமா?

கணவன் அல்லது மனைவி. 25 வயது வரை, சம்பாதிக்காத பிள்ளைகள் இருவர். பெற்றோர் பாலிசியில் உங்கள் அப்பா அம்மா, இல்லையென்றால் மாமனார் மாமியார். கலந்து சேர்க்க முடியாது. உங்கள் அம்மாவும் மாமனாரும் என்று போட்டால் போர்ட்டல் ஏற்காது. பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் தங்கள் பெற்றோரைத் தாராளமாகச் சேர்க்கலாம். "மாமியார் வீட்டைத்தான் சேர்க்கணுமாமே" என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்படியொரு விதி இல்லை, அது உங்கள் விருப்பம். ஆனால் ஒருமுறை தேர்ந்தெடுத்தால் அடுத்த மார்ச் வரை மாற்ற முடியாது.

அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, தாத்தா, பாட்டி யாரையும் சேர்க்க முடியாது.

போர்ட்டல்ல பேரைச் சேர்க்கிறது எப்படி? ஆதார்ல இனிஷியல் பின்னாடி இருக்கு, பாங்க்ல முன்னாடி இருக்கு.

போர்ட்டலில் நுழைந்து "குடும்ப விவரம்" பக்கத்துக்குப் போங்கள். பெயர், உறவு, பிறந்த தேதி, பாலினம் நான்கையும் நிரப்பி, ஆதார் நகலை ஏற்றுங்கள். மனைவியை முதல்முறையாகச் சேர்த்தால் திருமணப் பதிவுச் சான்று, குழந்தை என்றால் பிறப்புச் சான்று. ஐந்து நிமிட வேலை. தப்பு நடப்பது பெயரிலும் தேதியிலும்தான்.

விதி ஒன்றே ஒன்று: ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்து, ஒரு புள்ளி, ஒரு இடைவெளி மாறாமல். கூப்பிடுகிற பெயர் வேண்டாம், ரேஷன் கார்டில் உள்ள பெயர் வேண்டாம். நம்மூர் அம்மாக்களுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பிறகு கணவரின் இனிஷியல். ஒரு ஆவணத்தில் இது, இன்னொன்றில் அது. அப்பாக்களுக்கு "சாமி" என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு இடத்தில் `samy`, இன்னொரு இடத்தில் `swamy`. நமக்கு அது ஒரே ஆள். காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்ம்களைக் கையாளும் டிபிஏ-வில் கேஷ்லெஸ் கோரிக்கையைப் பார்க்கும் ஊழியருக்கு அது இரண்டு ஆள்.

என் வீட்டிலேயே நடந்தது. என் அம்மாவுக்குப் பிறந்த தேதி யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆதாரில் ஆண்டு மட்டும் இருந்தது. நான் பள்ளிச் சான்றிதழைப் பார்த்து வேறு ஆண்டைப் போட்டிருந்தேன். இரவு பதினொரு மணிக்கு மூச்சுத்திணறலோடு சேர்த்தபோது, காப்பீட்டு இ-கார்டில் ஒரு வயது, ஆதாரில் ஒரு வயது என்று கேஷ்லெஸ் நின்றுவிட்டது. அம்மா உள்ளே, நான் கவுண்டரில் டெபாசிட் கட்ட அட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பணம் பின்னால் திரும்பி வந்தது, ஆனால் ஆறு வாரம் ஆனது. ஹெச்.ஆர்.-இல் இருப்பவளுக்கே இந்தக் கதி.

ஏப்ரல் இரண்டாம் வாரம் இ-கார்டு உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். வந்ததும் ஒவ்வொருவரின் ஆதாரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். திருத்தம் இருந்தால் அன்றே சொல்லுங்கள். நோயாளி உள்ளே போன பிறகு கேட்கும் திருத்தத்தைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

எனக்கு ஆகஸ்ட்ல குழந்தை பிறக்கப் போகுது. அப்ப சேர்க்க முடியுமா?

முடியும். பிறந்த 30 நாளுக்குள் போர்ட்டலில் பதிய வேண்டும். பெயர் வைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். "பேபி ஆஃப்" என்று அம்மாவின் பெயரைப் போட்டுப் பதியலாம், பெயரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். புதிதாகத் திருமணம் ஆனவர்களுக்கும் திருமண நாளிலிருந்து அதே 30 நாள்.

இருபத்தொன்பதாம் நாள் வரை இழுக்காதீர்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவின்படி பிரீமியம் கைக்கு வராமல் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க முடியாது. அதற்காக நம் நிறுவனம் அவர்களிடம் ஒரு டெபாசிட் கணக்கில் முன்கூட்டியே பணம் போட்டு வைத்திருக்கிறது. புதுப் பெயர்களை நான் மாதம் ஒருமுறை, 25-ஆம் தேதி அனுப்புவேன். அந்தக் கணக்கிலிருந்து பிரீமியத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் பெயரைச் சேர்ப்பார்கள். கணக்கில் பணம் குறைவாக இருந்தால் பட்டியலே நின்றுவிடும். நீங்கள் 26-ஆம் தேதி பதிந்தால் அடுத்த மாதப் பட்டியலில்தான் போகும். பிறந்த குழந்தையை மஞ்சள் காமாலைக்காக விளக்கொளியில் வைத்திருக்கும்போது இந்தத் தாமதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவசரம் என்றால் என்னை நேரில் கூப்பிடுங்கள், நடுவிலும் அனுப்புவேன்.

அப்பா அம்மாவையும் அப்படி நடுவுல சேர்க்கலாமா? இப்ப ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க.

முடியாது. மார்ச் 20-க்குப் பிறகு அடுத்த மார்ச்தான். நடுவில் அனுமதித்தால் டாக்டர் ஆபரேஷன் என்று சொன்ன மறுநாள்தான் எல்லோரும் பெற்றோரைச் சேர்ப்போம். நோயாளிகள் மட்டும் உள்ள பாலிசிக்கு எந்த நிறுவனமும் இந்த விலையில் பிரீமியம் போடாது. வருடத்தின் நடுவில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு மட்டும், சேர்ந்த 30 நாளுக்குள் பெற்றோரைச் சேர்க்கும் வாய்ப்பு உண்டு.

பெற்றோருக்கு எவ்வளவு பிடிப்பீங்க? வரிச்சலுகை உண்டா?

ஒருவருக்கு 11,000. இருவர் என்றால் 22,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 3,960, மொத்தம் 25,960. மே மாதச் சம்பளத்திலிருந்து 10 தவணையாக, மாதம் 2,596 பிடிப்போம். "இன்சூரன்ஸுக்கு ஜிஎஸ்டி எடுத்துட்டாங்களே" என்று கேட்பீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் விலக்கு கிடைத்தது தனிநபர் மற்றும் குடும்பப் பாலிசிகளுக்கு, குழுப் பாலிசிக்கு இல்லை.

உங்கள் அப்பா அம்மாவுக்காக நீங்கள் கட்டிய தொகைக்கு வருமான வரியில் கழிவு உண்டு, பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். பெற்றோர் 60 வயதைத் தாண்டியிருந்தால் அவர்களுக்கான வரம்பு 50,000. உங்கள் 4 லட்சத்துக்கு நிறுவனம் கட்டும் பிரீமியத்தை நீங்கள் காட்ட முடியாது.

என் மனைவி ஆபீஸ்லயும் பாலிசி இருக்கு. ரெண்டுலயும் வாங்கலாமா?

ஒரே செலவை இரண்டு முறை வாங்க முடியாது. ஆனால் ஒன்று தந்தது போக மீதியை மற்றொன்றில் கேட்கலாம். முதல் பாலிசியின் தீர்வுக் கடிதத்தையும் பில் நகலையும் இரண்டாவதற்குக் கொடுத்தால் போதும். பித்தப்பைக் கணக்கில் வந்த கோ-பே 17,600, இன்னொரு பாலிசியில் அந்தப் பெரியவர் பெயர் இருந்தால் அங்கே கேட்டுப் பார்க்க வேண்டிய தொகை. கையுறையும் கிட்டும் அங்கேயும் பெரும்பாலும் வராது.

வேலையை விட்டுட்டா?

கடைசி வேலை நாளோடு எல்லோருடைய கவரும் முடிகிறது. பெற்றோர் பிரீமியத்தில் பாக்கித் தவணை இருந்தால் இறுதிக் கணக்கில் பிடிப்போம். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பிக்கலாம், இங்கே இருந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் கழியும். வயதான பெற்றோர் உள்ளவர்கள் ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்றே அந்த விண்ணப்பத்தைப் பற்றி என்னிடம் கேளுங்கள். கடைசி நாளன்று கேட்டால் நேரம் இருக்காது.

போன வருஷம் கொடுத்ததே போதும், எதுவும் மாறல. நான் ஒண்ணும் பண்ண வேண்டாமே?

உங்கள் 4 லட்சம் பாலிசி தானாகத் தொடரும். பெற்றோர் பாலிசி தொடராது. சம்பளத்தில் பிடிப்பதால் ஒவ்வொரு வருடமும் உங்கள் சம்மதம் புதிதாக வேண்டும். போர்ட்டலைத் திறந்து, பழைய பெயர்களே அங்கே இருப்பதைப் பார்த்து, "உறுதி செய்" பொத்தானை அழுத்துங்கள். அழுத்தியதும் பதிவு எண்ணோடு ஒரு மின்னஞ்சல் வரும். அது வரவில்லை என்றால் உங்கள் அப்பா அம்மா பட்டியலில் இல்லை. 20-ஆம் தேதி மாலை 6 மணிக்கு நான் பட்டியலை மூடி அனுப்பிவிடுவேன்.